6,997 ரூபா எப்படி வந்துச்சு? எங்க கம்பெனி மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு திறந்த மடல்

மேனேஜிங் டைரக்டர் ஐயாவுக்கும் எச்.ஆர். மேனேஜர் சாருக்கும்,

அக்டோபர் 14-ஆம் தேதி திங்கக்கிழமை காலைல கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டுல 2023-24 வருஷத்து போனஸ் லிஸ்ட் ஒட்டுனீங்க. நான் அசெம்ப்ளி செக்‌ஷன்ல பதினோரு வருஷமா வேலை பாக்கறேன், வருஷா வருஷம் லிஸ்ட்ல என் பேரையும் தொகையையும் பாத்துட்டு போயிடுவேன், இந்த தடவை மட்டும் நின்னு முழுசா படிச்சேன், ஏன்னா பக்கத்துல ஒரு தம்பி பேரைத் தேடிட்டே நின்னான், அவன் பேரே இல்ல. அவனுக்காக மேல இருந்து கீழ வரைக்கும் விரல் வச்சு தேடும்போதுதான் கவனிச்சேன், லிஸ்ட்ல முக்காவாசி பேருக்கு ஒரே தொகை, 6,997. பதினோரு வருஷ சர்வீஸ் எனக்கும் 6,997, ரெண்டு வருஷம் முன்னாடி வந்த பெயின்டிங் பொண்ணுக்கும் 6,997, லேத்துல இருபது வருஷமா நிக்கற அண்ணனுக்கும் அதே 6,997. சம்பளம் ஆளுக்கு ஆள் வேற வேற, போனஸ் சம்பளத்துல இத்தனை சதவீதம்னு சொல்றீங்க, அப்புறம் எப்படிங்க எல்லாருக்கும் ஒரே ரூபா வரும்?

அன்னைக்கு சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சதும் எச்.ஆர். ரூமுக்கு வந்து கேட்டேன். மூணு பதில் வந்துச்சு. தம்பிக்கு ஏன் இல்லன்னா "ஆறு மாசம் சர்வீஸ் முடியல". வெல்டிங் அண்ணனுக்கு ஏன் இல்லன்னா "அவருக்கு சம்பளம் 21,000 தாண்டிடுச்சு". எனக்கு ஏன் 6,997-ன்னா "ஆக்ட்ல சீலிங் 7,000 தான்". மூணும் சட்டம்னே சொன்னாங்க, மரியாதையாத்தான் சொன்னாங்க, அதுல எனக்கு குறை இல்ல. ஆனா நான் வீட்டுக்கு போய் போனஸ் சட்டத்தையே எடுத்து வச்சு, நாலு பேரோட பே சிலிப்பையும் வச்சு, ராத்திரி பூரா உக்காந்து கணக்கு போட்டேன். மூணு பதிலுமே தப்பு. அதைத்தான் ஒவ்வொண்ணா எழுதறேன்.

முதல்ல அந்த தம்பி. அவன் 2023 நவம்பர் 6-ஆம் தேதி சேந்தான், நம்ம கணக்கு வருஷம் 2024 மார்ச் 31-ல முடியுது, அப்ப அவன் சர்வீஸ் அஞ்சு மாசத்துக்கு கொஞ்சம் கம்மி. ஆறு மாசம் ஆகலங்கறது உண்மைதான். ஆனா ஆறு மாசம்ங்கற வார்த்தை 1965 போனஸ் சட்டத்துல தகுதிக்கு எங்கயுமே இல்லீங்க. செக்‌ஷன் 8 சொல்றது ஒண்ணே ஒண்ணு, அந்த கணக்கு வருஷத்துல குறைஞ்சது 30 வேலை நாள் வேலை செஞ்சிருக்கணும். மாசக் கணக்கு இல்ல, நாள் கணக்கு. பெர்மனென்ட் ஆகியிருக்கணும், ப்ரொபேஷன் முடிஞ்சிருக்கணும்னும் இல்ல. தம்பியோட அஞ்சு சிலிப்லயும் வேலை செஞ்ச நாள் போட்டிருக்கு, கூட்டிப் பாத்தேன், 114. முப்பதுக்கு கிட்டத்தட்ட நாலு மடங்கு.

இந்த ஆறு மாசம் எங்கிருந்து வந்திருக்கும்னு நானும் யோசிச்சேன். மத்திய அரசு ஊழியர்களுக்கு வருஷா வருஷம் ஆர்டர் போட்டு குடுக்கற அட்ஹாக் போனஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல மார்ச் 31-ல வேலைல இருக்கணும், குறைஞ்சது ஆறு மாசம் தொடர்ச்சியா சர்வீஸ் இருக்கணும்னு விதி உண்டு, அவங்களுக்கு 30 நாள் சம்பளம், 7,000-த்தை 30-ஆல பெருக்கி 30.4-ஆல வகுத்து 6,908 ரூபா வரும். அது அரசுத் துறை ஊழியர்களுக்கான வேற ஏற்பாடு, அவங்க இந்த 1965 சட்டத்துக்குள்ளயே வர மாட்டாங்க. நாம ஃபேக்டரி, நமக்கு இந்த சட்டம்தான். யாரோ எப்பவோ ரெண்டையும் குழப்பி நம்ம சாஃப்ட்வேர்ல ஆறு மாசம்னு போட்டிருக்கலாம்னு நான் நினைக்கறேன், வேணும்னு செஞ்சதா சொல்லல. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்லயே ஆறு மாசம்னு இருக்குன்னு சொன்னீங்க. இருக்கு, நானும் பாத்தேன். ஆனா செக்‌ஷன் 34 படி வேலை ஒப்பந்தத்துல சட்டத்துக்கு முரணா என்ன எழுதியிருந்தாலும் சட்டம்தான் நிக்கும். கம்பெனி ரூல் சட்டத்தை விட அதிகமா குடுக்கலாம், கம்மியா குடுக்க முடியாது.

தம்பிக்கு எவ்வளவு வரணும்? புதுசா சேந்தவன்ங்கறதால அவனுக்கு மினிமம் வேஜ் அளவுதான் சம்பளம், மாசம் 12,500 (பேசிக்கும் டி.ஏ.வும் சேத்து, கணக்கு புரியறதுக்காக இந்த மடல்ல எல்லாத்தையும் ரவுண்டா எழுதறேன், சரியான தொகை உங்க ரிஜிஸ்டர்லயே இருக்கு). நவம்பர்ல பாதில சேந்தது, நடுவுல அஞ்சு நாள் லாஸ் ஆஃப் பே, எல்லாம் போக அஞ்சு சிலிப்லயும் அவன் சம்பாதிச்ச பேசிக்கும் டி.ஏ.வும் கூட்டினா 58,173 ரூபா. சட்டம் சொல்ற மினிமம் போனஸ் 8.33 சதவீதம், அதுல 4,846 ரூபா. வருஷம் முழுசும் வேலை செய்யாததால தொகை தானாவே கம்மியாயிடுச்சு, அதுக்குத்தான் சம்பாதிச்ச சம்பளத்துல சதவீதம்னு சட்டம் வச்சிருக்கு. கம்மியா வரும்ங்கறது சரி, சுத்தமா இல்லங்கறது சரியில்ல. அவன் அம்மா தையல் வேலை பாக்கறாங்க, முதல் தீபாவளி போனஸ்னு எதிர்பார்த்துட்டு இருந்தாங்க, லிஸ்ட் ஒட்டுன அன்னைக்கு ராத்திரி அவன் வீட்டுக்கு போன் பண்ணல, அடுத்த நாள் பண்ணேன்க்கான்னு சொன்னான்.

அடுத்தது வெல்டிங் அண்ணன். பத்து வருஷத்துக்கு மேல சர்வீஸ். அவரோட மார்ச் மாச சிலிப் என் கைல இருக்கு, அவர் சம்மதத்தோடதான் எழுதறேன். பேசிக்கும் டி.ஏ.வும் 17,400, வீட்டு வாடகைப் படி 3,000, கன்வேயன்ஸ் 1,500, வாஷிங் அலவன்ஸ் 500, ஆக மொத்தம் கிராஸ் 22,400. நீங்க இந்த 22,400-ஐ எடுத்து 21,000 பக்கத்துல வச்சு, தாண்டிடுச்சு, தகுதி இல்லன்னு எடுத்துட்டீங்க. ஆனா சட்டத்துல சம்பளம்னா என்னன்னு செக்‌ஷன் 2(21)-ல தனியா எழுதியிருக்கு, பேசிக்கும் டி.ஏ.வும் சேரும், மத்த அலவன்ஸ் சேராது, ஓவர்டைம் சேராது, கம்பெனி கட்டற பி.எஃப். பங்கு சேராது. அதுல சேர்க்கச் சொல்றது சம்பளத்துக்கு பதிலா ஃப்ரீ சாப்பாடோ சாப்பாட்டுப் படியோ குடுத்தா அதோட மதிப்பை மட்டும்தான், நம்ம கேன்டீன்ல காசு பிடிக்கறீங்க, அதனால அந்தப் பேச்சு இங்க இல்ல. அப்ப அவரோட சம்பளம் சட்டக் கணக்குல 17,400. இருபத்தோராயிரத்துக்கு இன்னும் 3,600 கீழ இருக்கார். அவருக்கு போனஸ் உண்டு.

இதுல நான் எங்க பக்கத்துக்கு மட்டும் பேசல. க்வாலிட்டில ஒரு சூப்பர்வைசர் சார் அவர் கணக்கையும் பாத்துச் சொல்லச் சொன்னார். அவருக்கு பேசிக்கும் டி.ஏ.வும் மட்டுமே 21,600 வருது. சார், உங்களுக்கு இந்த சட்டப்படி கேக்க வழியில்ல, கம்பெனி தன் விருப்பத்துல எக்ஸ்கிரேஷியா குடுத்தாதான் உண்டுன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன். தப்புன்னா தப்பு, இல்லன்னா இல்ல, நான் கணக்கை மட்டும்தான் பாக்கறேன்.

இப்ப 6,997-க்கு வரேன், பெரும்பாலானவங்களுக்கு நஷ்டம் இதுலதான். இந்த நம்பர் எப்படி வருதுன்னு கண்டுபிடிக்க கால்குலேட்டர்ல ஒரு நிமிஷம் போதும். 7,000-த்தை 12 மாசத்தால பெருக்குனா 84,000, அதுல 8.33 சதவீதம் 6,997 ரூபா 20 காசு. அதாவது யாரோட சம்பளம் என்னவா இருந்தாலும் மாசம் 7,000-ன்னு எடுத்து கணக்கு போட்டிருக்கீங்க. எங்கயாச்சும் போனஸ் லிஸ்ட்ல வரிசையா ஒரே 6,997-ஓ 7,000-ஓ வந்தா இதுதான் நடந்திருக்குன்னு மத்த கம்பெனில இதைப் படிக்கற ஆளுங்களும் தெரிஞ்சுக்கணும்.

சீலிங் 7,000 தானேன்னு கேட்டீங்க. ரெண்டு சீலிங் இருக்குங்க, ரெண்டும் வேற வேற வேலை செய்யுது, அங்கதான் குழப்பமே. 21,000-ங்கறது உள்ள வரலாமா வேணாமாங்கறதுக்கு. உள்ள வந்தப்புறம் எந்த சம்பளத்து மேல சதவீதம் போடறதுங்கறதுக்கு செக்‌ஷன் 12. அதுல 2015-ல திருத்தம் வந்து, பழைய 3,500-ஐ 7,000 ஆக்குனாங்க, கூடவே இன்னொரு வரியும் சேத்தாங்க, அந்த வரியைத்தான் நம்ம ஆபீஸ்ல யாரும் படிக்கல: 7,000 ரூபா அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயிச்ச மினிமம் வேஜ், இதுல எது அதிகமோ அது. எது அதிகமோ, எது கம்மியோ இல்ல. இன்ஜினியரிங், ஃபேப்ரிகேஷன் வேலைக்கு தமிழ்நாடு அரசு மினிமம் வேஜ் நிர்ணயிச்சிருக்கு, டி.ஏ. விலைவாசிப் புள்ளிக்கு ஏத்த மாதிரி வருஷா வருஷம் ஏப்ரல்ல மாறும், அந்த நோட்டீஸும் அதே போர்டுல போனஸ் லிஸ்ட்டுக்கு ஒரு முழம் தள்ளி நீங்களே ஒட்டியிருக்கீங்க. 7,000-த்தை விட அது எவ்வளவோ மேல.

என் கணக்கையே எடுத்துக்கங்க. என்னோட பேசிக்கும் டி.ஏ.வும் மாசம் 14,600. முதல் கேள்வி, 21,000-க்குள்ளயா? ஆமா. ரெண்டாவது, வருஷத்துல 30 நாள் வேலை செஞ்சேனா? ஆமா, வருஷம் பூரா, லாஸ் ஆஃப் பே ஒரு நாள் கூட இல்ல. மூணாவது, எந்த சம்பளத்து மேல? என்னோட 14,600 மேல முழுசா இல்ல, அதை நான் கேக்கவும் இல்ல, ஏன்னா சட்டம் அங்க ஒரு மூடி போட்டிருக்கு. அந்த மூடி என் கேட்டகரிக்கு மினிமம் வேஜ், 12,500-ன்னு வச்சுக்கலாம், 7,000-ஐ விட அதிகம், அதனால 12,500. வருஷத்துக்கு 1,50,000, அதுல 8.33 சதவீதம் 12,495. எனக்கு போட்டது 6,997. வித்தியாசம் 5,498 ரூபா, ஒரு ஆளுக்கு, ஒரு வருஷத்துக்கு.

வெல்டிங் அண்ணனுக்கு ஸ்கில்டு கேட்டகரி, மினிமம் வேஜ் 13,000-ன்னு வச்சா வருஷத்துக்கு 1,56,000, அவருக்கு 12,995 ரூபா வரணும். வந்தது பூஜ்யம்.

இது ஒண்ணும் பெரிய கணக்கு இல்லீங்க, 8.33-ங்கறது நூறை பன்னெண்டால வகுத்தா வர்றது, அதாவது வருஷத்துல ஒரு மாசச் சம்பளம். அதனால சரி பாக்கறதும் சுலபம், வருஷம் பூரா வேலை செஞ்ச ஒருத்தருக்கு மினிமம் போனஸ் அவர் கணக்குச் சம்பளத்துல ஒரு மாசத்துக்கு சமமா வரணும். எங்க லிஸ்ட்ல அது எங்க மினிமம் வேஜ்ல பாதிக்கு கொஞ்சம் மேல நிக்குது. உங்க அக்கவுன்ட்ஸ்ல யாராச்சும் ஒருத்தர் இந்த ஒரு விஷயத்தை ஒப்பிட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், பாதிக்கப்பட்டவங்க கம்மி, ஆனா விட மனசு வரல. பேக்கிங் அக்கா ஒருத்தங்களுக்கு லிஸ்ட்ல 6,683-ன்னு இருந்துச்சு, அவங்களும் வருஷம் பூரா வேலை செஞ்சவங்கதான், ஏன் 314 ரூபா கம்மின்னு அவங்களுக்கே புரியல. வருஷத்துக்கு 312 வேலை நாள்னு வச்சு நான் 6,997-ஐ வகுத்துப் பாத்தேன், ஒரு நாளைக்கு 22 ரூபா 43 காசு, 314 ரூபான்னா சரியா 14 நாள். பொண்ணு கல்யாணத்துக்கு அந்த அக்கா எடுத்த ஈ.எல். 14 நாள். சம்பளத்தோட எடுத்த லீவை வேலை செஞ்ச நாளாவே எடுத்துக்கணும்னு செக்‌ஷன் 14-ல இருக்கு, அந்த 14 நாளுக்கு நீங்க சம்பளமும் குடுத்திருக்கீங்க, அது சிலிப்ல இருக்கு. மஸ்டர்ல "ஈ.எல்."னு இருக்கறதை போனஸ் ஷீட்ல ஆப்சென்ட்டா எடுத்திருக்காங்க, அவ்வளவுதான். லீவுக்கு அப்ளை பண்ணும்போது "ஈ.எல். இருக்கு, எடுத்துக்கங்க"ன்னு சொல்லித்தான் கையெழுத்து போட்டுக் குடுத்தாங்கன்னு அந்த அக்கா என்கிட்ட ரெண்டு தடவை சொன்னாங்க.

அன்னைக்கு ரூமை விட்டு வெளிய வரும்போது ஒரு வார்த்தை சொன்னீங்க, இந்த வருஷம் ஆர்டர் கம்மி, லாபம் இல்ல, குடுக்கறதே பெரிசுன்னு. ஆர்டர் கம்மியானது எங்களுக்கும் தெரியும், ஓவர்டைம் குறைஞ்சதே எங்க கைலதான் முதல்ல தெரிஞ்சுச்சு. ஆனா 8.33 சதவீதம் மினிமம் போனஸ் லாபம் இருந்தாலும் இல்லாட்டியும் குடுக்க வேண்டியது, செக்‌ஷன் 10. புது கம்பெனிக்கு முதல் அஞ்சு வருஷம் சலுகை உண்டு, நம்ம கம்பெனி ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. லாபத்தைப் பாத்து முடிவு பண்றது 8.33-க்கு மேல 20 சதவீதம் வரைக்கும் உள்ளதைத்தான். அதை நான் இந்த மடல்ல கேக்கல. அதுக்கு பேலன்ஸ் ஷீட் வேணும், சங்கம் பேசணும், அது வேற பேச்சு. நான் கேக்கறது கீழ்மட்டம், அதுக்கு கீழ போக முடியாதுன்னு சட்டம் சொல்ற தொகையை மட்டும்.

இதையெல்லாம் 15-ஆம் தேதியே ரெண்டு பக்கம் எழுதி எச்.ஆர்.ல குடுத்தேன், ஒரு காப்பில சீல் வாங்கி வச்சிருக்கேன். ஒரு வாரம் ஆச்சு, "மேல அனுப்பியிருக்கோம்"ங்கறதைத் தவிர ஒண்ணும் வரல. அதுக்கு நடுவுல 19-ஆம் தேதி லிஸ்ட்ல இருக்கறவங்ககிட்ட வவுச்சர்ல கையெழுத்து வாங்க ஆரம்பிச்சுட்டீங்க, வவுச்சர்ல "முழு போனஸும் பெற்றுக்கொண்டேன், வேறு பாக்கி இல்லை"ன்னு ஒரு வரி அச்சடிச்சிருக்கு, போன வருஷ வவுச்சர்ல அந்த வரி இல்ல, என்கிட்ட போன வருஷத்து காப்பி இருக்கு. நான் கையெழுத்துக்குக் கீழ "கணக்கு தவறு, ஆட்சேபத்துடன்"னு எழுதித்தான் வாங்குனேன். அப்படி எழுதக் கூடாதுன்னு கேஷியர் சொன்னார், எழுதாம வாங்க மாட்டேன்னு நின்னேன், கால் மணி நேரம் கழிச்சு குடுத்தாங்க. ஆனா நிறைய பேர் பயந்துட்டு அப்படியே போட்டுட்டாங்க. அதனாலதான் இதை மூடின கவர்ல இல்லாம எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறேன்.

ஐயா, நான் கேக்கறது இதுதான்.

2023-24 போனஸ் லிஸ்ட்டை திரும்பக் கணக்கு போடுங்க. 30 வேலை நாள் முடிச்ச ஒவ்வொருத்தர் பேரும் அதுல வரணும், ஆறு மாசக் கண்டிஷனை லிஸ்ட்ல இருந்தும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல இருந்தும் எடுங்க. பாதில வேலைய விட்டுப் போன ஆளுங்க, அந்த வருஷத்துல 30 நாள் செஞ்சிருந்தா, அவங்களும் சேரணும், அவங்க அட்ரஸ் உங்க ஃபைல்ல இருக்கு.

21,000-ஐ கிராஸோட ஒப்பிடறதை நிறுத்தி பேசிக்கும் டி.ஏ.வும் மட்டும் வச்சுப் பாருங்க, அப்படி வெளிய தள்ளுன எல்லாரையும் உள்ள கொண்டு வாங்க.

கணக்குச் சம்பளத்தை 7,000-ல இருந்து அவங்கவங்க கேட்டகரியோட 2023-24 மினிமம் வேஜுக்கு மாத்துங்க, இந்த வருஷ ரேட்டு இல்ல, அந்த வருஷ ரேட்டு. ஈ.எல். நாளை வேலை நாளாச் சேருங்க.

வித்தியாசத் தொகையை நவம்பர் 30-க்குள்ள பேங்க் அக்கவுன்ட்ல போடுங்க. கணக்கு வருஷம் முடிஞ்சு எட்டு மாசத்துக்குள்ள குடுக்கணும்னு செக்‌ஷன் 19 சொல்லுது, மார்ச் 31-ல இருந்து எட்டு மாசம் அன்னைக்கு முடியுது. தீபாவளி 31-ஆம் தேதி, அந்த லிஸ்ட்ல பேரே இல்லாத தம்பிக்கும் வெல்டிங் அண்ணனுக்கும் அவங்களை மாதிரி விட்டுப்போனவங்களுக்கும் மட்டுமாவது தீபாவளிக்கு முன்னாடி குடுத்துடுங்க, பாக்கி எங்களுக்கு அப்புறம் வந்தா பரவாயில்ல.

"வேறு பாக்கி இல்லை"ன்னு அச்சடிச்ச வவுச்சரை திரும்ப எடுத்துட்டு, ஏற்கனவே கையெழுத்து போட்டவங்களுக்கும் வித்தியாசம் வரும்னு நோட்டீஸ் போர்டுல எழுதிப் போடுங்க.

ஃபார்ம் சி ரிஜிஸ்டர்ல ஒவ்வொருத்தரும் அவங்க வரியை, வேலை நாள், கணக்குச் சம்பளம், சதவீதம், தொகைன்னு பாத்துக்கற மாதிரி ஒரு நாள் டைம் ஆபீஸ்ல வைங்க, ரெண்டு ஷிப்ட்டுக்கும் சேத்து.

நவம்பர் 8-ஆம் தேதிக்குள்ள எழுத்துல பதில் வேணும். வரலைன்னா நானும் என்னோட கையெழுத்து போட்டிருக்கற பதினேழு பேரும், சிலிப் காப்பியோட, தொழிலாளர் துறை உதவி ஆணையர்கிட்ட மனு குடுப்போம், மனு டைப் பண்ணி வச்சாச்சு.

இப்படிக்கு,
அசெம்ப்ளி செக்‌ஷன் தொழிலாளி ஒருத்தி
22 அக்டோபர் 2024